பாட்டி தைத்த திண்ணை

ஸ்பானிய மொழியில் ஒரு சின்ன வாக்கியம்: Mi abuela va a cocer un pollo. ‘என் பாட்டி ஒரு கோழியை வேக வைக்கப் போகிறாள்’ என்று பொருள். மெக்சிகோ நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியர் இதை வாசிக்க, ஒரு சிறுவன் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நோட்டில் இப்படி இருக்கலாம்: Mi avuela ba a coser un poyo.

ஆறேழு சொற்களுக்குள் நான்கு பிழை. பாட்டியைக் குறிக்கும் சொல்லில் b இருக்க வேண்டிய இடத்தில் v வந்துவிட்டது. ‘போகிறாள்’ என்பதில் v போய் b வந்துவிட்டது. Cocer என்றால் வேக வைப்பது, coser என்றால் தைப்பது. Pollo கோழி. Poyo என்பது வீட்டு வாசலில் சுவரை ஒட்டிக் கல்லால் கட்டிய இருக்கை, நம் ஊர்த் திண்ணைதான். ஆக, பாட்டி ஒரு திண்ணையைத் தைக்கப் போகிறாள்.

பையன் கவனக்குறைவாக இருந்தான் என்று சொல்ல முடியாது. இரண்டு வாக்கியங்களையும் உரக்கப் படித்தால் மெக்சிகோவில் ஒலி ஒன்றேதான்: ‘மி அபுவேலா பா ஆ கோசேர் உன் போயோ’. ஸ்பானியம் எழுதியபடி படிக்கும் மொழி என்று பெயர் பெற்றது. அந்தப் பெயர் நியாயமானதும்கூட. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல்வதில் தடுமாற்றமே வராது. ஒலியைக் கேட்டு எழுத்தைப் பிடிக்கும்போதுதான் சிக்கல். ‘அரை’யா ‘அறை’யா என்று நம் பிள்ளைகள் யோசிக்கிறார்களே, அதே வகைச் சிக்கல்.

இதே வாக்கியத்தை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனால் கதை மாறுகிறது. மாட்ரிட் நகரத்துப் பிள்ளை coser என்று எழுத மாட்டாள். அங்கே cocer என்பதன் இரண்டாவது c, நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவே வைத்துக் காற்றை விடும் ஒலி. ஆங்கிலத்தில் ‘திங்க்’ என்னும் சொல்லின் தொடக்கத்தில் கேட்பது அது. ‘ஸ’வோடு அதைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. ஆனால் அவள் poyo என்று எழுதிவிடலாம். பொலிவியாவின் லா பாஸ் நகரத்துப் பிள்ளைக்கு நேர் எதிர். அங்கே ll என்பதை நாக்கின் நடுப்பகுதியை மேலண்ணத்தில் ஒட்டி, ‘ல்ய’ போல இன்னும் ஒலிக்கிறார்கள். கோழி அங்கே பத்திரம். தையல் பிழை மட்டும் வரலாம். அபுவேலாவின் b எங்கே தப்பும் என்று கேட்டால், அநேகமாக எங்குமே தப்பாது. ஒரு பக்கம் எழுதச் சொல்லி, எந்தெந்தப் பிழை வருகிறது என்று பார்த்தால், எழுதியவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

எல்லோருக்கும் பொதுவான அந்தப் பிழையிலிருந்தே தொடங்குவோம்.

b, v என்ற இரண்டு எழுத்துக்கும் ஸ்பானியத்தில் ஒலி ஒன்றுதான். அந்த ஒலிக்கு இரண்டு சாயல் உண்டு. பேச்சைத் தொடங்கும்போதும், மூக்கொலியை அடுத்து வரும்போதும் இரண்டு உதடும் முழுதாக மூடித் திறக்கும். மற்ற இடங்களில் உதடுகள் நெருங்குமே தவிர ஒட்டாது. காற்று இடையில் வழுக்கிக்கொண்டு போகும். பசு என்று பொருள்படும் vaca என்ற சொல்லைத் தனியாகச் சொன்னால் உதடு மூடும். ‘அந்தப் பசு’ என்று la vaca சொன்னால் அதே v மெலிந்துவிடும். கழுதையைக் குறிக்கும் burro-வின் b-க்கும் இதே நடைமுறைதான். பால், கம்பு, கோபம் மூன்றிலும் நாம் ஒரே ‘ப’வை எழுதி, இடத்துக்கேற்ப ஒலியை மாற்றிக்கொள்கிறோம் அல்லவா? ஸ்பானியர்களும் ஒலியை இடத்தைப் பார்த்தே மாற்றுகிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் கையில் இரண்டு எழுத்து இருக்கிறது. அந்த இரண்டும் ஒலி வேறுபாட்டோடு சம்பந்தமே இல்லாமல் பிரிந்து கிடக்கின்றன.

மேல் பற்களைக் கீழ் உதட்டில் வைத்துச் சொல்லும் ஆங்கில v ஸ்பானியத்தின் சொந்த ஒலி அல்ல. வலென்சியா, பலேயாரிக் தீவுகள் போன்ற பகுதிகளில் சிலர் அப்படிச் சொல்வார்கள். அங்கே வழங்கும் இன்னொரு தாய்மொழியின் பழக்கம் அது. ஆனாலும் பற்களை வைத்துச் சொல்வதே ‘சுத்தமான உச்சரிப்பு’ என்ற நம்பிக்கை நெடுங்காலமாகப் பள்ளிகளில் இருந்துவருகிறது. அதற்கு ஸ்பானிய அரச அகாடமியும் ஒரு காரணம். 1713-ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, 1726-ல் வரத் தொடங்கிய தன் முதல் அகராதியிலேயே இந்த இரண்டு எழுத்தையும் ஸ்பானியர்கள் ஒலியில் பிரிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, அதன் இலக்கணம், எழுத்திலக்கண நூல்களின் பல பதிப்புகள் பல்லால் ஒலிக்கும் v-ஐ விவரித்தன, பரிந்துரைக்கவும் செய்தன. இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆனால் சொல்வதெழுதும் வகுப்பில் v வரும் இடத்தில் உதட்டைக் கடித்துக் காட்டும் ஆசிரியர்கள் உண்டு. பிள்ளைகள் அந்த உதட்டைப் பார்த்துச் சரியாக எழுதிவிடுவார்கள். அதே பிள்ளைகள் தாங்களாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால் அந்த உதடு உதவிக்கு வராது. இந்த உபகாரம் பிள்ளைக்குக் கெடுதலே என்பது என் எண்ணம்.

இரண்டு எழுத்து எப்படி வந்தது? லத்தீனில் இவை உண்மையாகவே இரண்டு ஒலி. b உதடு மூடும் ஒலி. V உதடு குவியும் ‘உஅ’ போன்ற ஒலி. கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டுகளிலேயே பேச்சு வழக்கில் இவை நெருங்கத் தொடங்கிவிட்டன. பண்டைய லத்தீன் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்றிலேயே b, v மாறாட்டம் இடம்பெறுகிறது. இடைக்காலக் காஸ்டிலிய மொழியில் ஒருவகை வேறுபாடு தங்கியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில் அதுவும் கரைந்துபோனது. அதன்பின் ஆளாளுக்கு ஒரு வழக்கம். ‘தோன் கிஹோத்தே’ எழுதிய செர்வாந்தேஸின் கையெழுத்து சில ஆவணங்களில் தங்கியிருக்கிறது. உலகம் இன்று Cervantes என்று எழுதும் பெயரை அவர் Cerbantes என்று b போட்டுத்தான் கையொப்பமிட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அதைப் பிழை என்று சொல்ல ஆளில்லை.

பிழை என்ற கருத்தே அகாடமியோடுதான் வந்தது. லத்தீனில் b இருந்தால் b, v இருந்தால் v, மூலம் தெரியாவிட்டால் b என்று அது ஒரு கோட்டைப் போட்டது. குடிப்பதைக் குறிக்கும் beber லத்தீன் bibere-யிலிருந்து வந்தது. வாழ்வதைக் குறிக்கும் vivir லத்தீன் vivere-யிலிருந்து. லத்தீன் படித்தவர்களுக்கு இது கைகொடுத்தது. லத்தீன் தெரியாத கோடிக்கணக்கானவர்களுக்கு மனப்பாடம்தான் வழி. அகாடமியும் தன் கோட்டை முழுக்கப் பின்பற்றவில்லை. மக்கள் கையில் ஊறிப்போன வடிவங்களை அப்படியே விட்டுவிட்டது. கழுகைக் குறிக்கும் buitre லத்தீனில் vultur. கல்யாணத்தைக் குறிக்கும் boda லத்தீனில் vota. அற்புதம் என்று பொருள்படும் maravilla-வுக்கு மூலத்தில் b. ஆனால் எழுதுவது v. நம் பாட்டியும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறாள். லத்தீன் avia என்பதிலிருந்து பிறந்த சொல் அது. பழைய ஏடுகளில் avuelo என்ற வடிவம் உண்டு. மெக்சிகோச் சிறுவன் போட்ட v, வரலாற்றைக் கேட்டால், சரியான v.

ஆகவே b, v விஷயத்தில் காதை நம்ப முடியாது. மூலத்தையும் முழுசாக நம்ப முடியாது. பள்ளிகளில் கற்பிக்கும் விதிகள் எழுத்தின் அக்கம்பக்கத்தைப் பார்ப்பவை. இன்னொரு மெய்யெழுத்துக்கு முன்னால் என்றால் b: வெள்ளையைக் குறிக்கும் blanco, கையைக் குறிக்கும் brazo. m-க்குப் பின் b, n-க்குப் பின் v. இந்தக் கடைசி விதியை நின்று கவனிக்க வேண்டும். அனுப்புவதைக் குறிக்கும் enviar என்ற சொல்லில் n எழுதினாலும், அடுத்து உதடு மூடப்போவதால் வாயில் வருவது ‘எம்பியார்’ தான். காது ‘ம்’ என்கிறது, ‘ப’ என்கிறது. கை n போட வேண்டும், v போட வேண்டும். விதியைத் தெரிந்துகொண்டாலும் முதல் எழுத்து எது என்று தெரியாமல் இரண்டாவதைப் பிடிக்க முடியாது. வினைகளில் கொஞ்சம் நிம்மதி. ‘பாடிக்கொண்டிருந்தேன்’ என்ற வகை இறந்தகாலம் cantaba என்று எப்போதும் b-யில்தான் முடியும். ‘போய்க்கொண்டிருந்தேன்’ என்னும் iba-வும் அப்படியே. இதை iva என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. அதே மூன்று எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டால் ஸ்பெயினில் விற்பனை வரி என்று பொருளாகிவிடும்.

அடுத்து ll, y. இங்கே வரலாறு இன்னும் முடியாமல் நம் கண்முன் நடந்துகொண்டிருக்கிறது. ஸ்பானிய ll பல வழிகளில் உருவானது. லத்தீனின் இரட்டை l ஒரு வழி. மழையைக் குறிக்கும் pluvia என்ற லத்தீன் சொல் lluvia ஆனதுபோல, சொல்முதல் pl, cl, fl மாறியது இன்னொரு வழி. ‘ல்ய’ போன்ற அந்த ஒலி மெல்ல மெல்ல y-யோடு கலந்தது. இன்று ஸ்பானியம் பேசுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றே. பராகுவே, பொலிவியா, பெருவின் மலைப்பகுதிகள், ஸ்பெயினின் வடக்கே சில கிராமப்புறங்கள் ஆகியவை இன்னும் வேறுபாட்டைக் காக்கின்றன. ஆண்டிஸ் மலையில் அது நிலைத்ததற்கு, அங்கே பேசப்படும் கெச்சுவா, அய்மாரா மொழிகளிலும் அந்த ‘ல்ய’ ஒலி இருப்பது துணைசெய்தது என்று கருதுகிறார்கள். புவனோஸ் ஐரஸில் இரண்டும் கலந்ததோடு நிற்கவில்லை. கலந்த ஒலி ‘ஷ’ ஆகவே மாறிவிட்டது. தெரு என்னும் calle மெக்சிகோவில் ‘காயே’, அங்கே ‘காஷே’. எப்படி மாறினாலும் ll, y இரண்டும் சேர்ந்தே மாறுவதால் எழுதும் பிள்ளைக்கு லாபம் எதுவும் இல்லை.

இந்த ஜோடியில் தவறு நேரும் சொற்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் தினமும் புழங்குபவை. ‘வாய்மூடினான்’ என்பது calló, ‘விழுந்தான்’ என்பது cayó. வேலி valla, ‘போகட்டும்’ என்பது vaya. இவற்றுள் ஆழமாகத் தடுக்கி விழவைப்பது haya, halla. முதலாவது haber என்ற துணைவினையின் வடிவம், ‘இருக்கட்டும்’ என்ற கருத்து. இரண்டாவது, ‘கண்டுபிடிக்கிறான்’. பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. அந்த இடத்தில் ‘கண்டுபிடிக்கிறான்’ என்பதற்கான இன்னொரு சொல்லான encuentra-வைப் போட்டுப் பார்க்க வேண்டும். வாக்கியம் நின்றால் ll, விழுந்தால் y. பொருளைத் தொடுவதால் இந்தச் சோதனை ஊர் மாறினாலும் பொய்க்காது.

c, s, z மூன்றும் வேறு விதமான குழப்பம். இதில் ஒரு கடலே குறுக்கே கிடக்கிறது. இடைக்காலக் காஸ்டிலியத்தில் ‘ஸ’வைச் சார்ந்த ஒலிகள் இந்த எழுத்துகளின் பக்கம் மட்டும் நான்கு இருந்தன. அதற்கேற்ப c-க்குக் கீழே வாலிட்ட ஓர் எழுத்து, z, ஒற்றை s, இரட்டை s என்று எழுதினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் இந்த நான்கும் இரண்டாகச் சுருங்கின. அந்த இரண்டும் மிக நெருக்கமானவை. காதுக்குப் பிரித்தறிவது கடினம். வடக்கும் நடு ஸ்பெயினும் ஒன்றைப் பற்களுக்கு நடுவே தள்ளி, இடைவெளியை அகலமாக்கிக்கொண்டன. தெற்கே செவில்லாவும் ஆண்டலூசியாவும் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. நாக்குளறிய ஓர் அரசனைப் பார்த்து அரண்மனையே அப்படிப் பேசத் தொடங்கியது என்று ஒரு கதை ஊர்ஊராகச் சுற்றுகிறது. அது வெறும் கதை. நாக்குளறல் என்றால் s-உம் அல்லவா மாறியிருக்க வேண்டும்? மாட்ரிட்டில் s ஒழுங்காகவே இருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போன கப்பல்கள் செவில்லாவிலிருந்து புறப்பட்டன. புதிய உலகத்தோடு நடக்கும் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அலுவலகம் 1503-ல் அந்த நகரத்தில் அமைந்தது. 1717-ல் காதிஸுக்குப் போகும்வரை அங்கேயே இருந்தது. முதல் பதிற்றாண்டுகளில் குடியேறியவர்களில் ஆண்டலூசியர்களே பெருங்கூட்டம். மற்ற ஊர்க்காரர்களும் கப்பலுக்காகச் செவில்லாவில் காத்துக் கிடந்தவர்கள். வழியில் தங்கிய கனேரித் தீவுகளிலும் தெற்கத்திப் பேச்சுதான். மெக்சிகோ முதல் சிலி வரை c, s, z மூன்றும் ஒரே ‘ஸ’வாக ஒலிப்பதன் வேர் அங்கே இருக்கிறது. ஸ்பானியம் பேசுவோரில் மிகப் பெரும்பான்மை அந்தப் பக்கத்தில்தான். எனவே உலகக் கணக்கில் பார்த்தால் மாட்ரிட்டின் வேறுபாடே சிறுபான்மை வழக்கு.

எழுத்தோ வேறுபாட்டைக் காட்டும் மாட்ரிட் பக்கத்தோடு ஒத்துப்போனது. விளைவு, அமெரிக்கக் கண்டத்தில் casa வீடு, caza வேட்டை, ஒலி ஒன்று. மலையுச்சி cima, பாதாளப் பள்ளம் sima. நேரெதிர்ப் பொருள், ஒரே ஒலி. பேச்சில் இந்த நெருக்கடியை மக்கள் தாங்களே தீர்த்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். லத்தீன் அமெரிக்காவில் பலர் வேக வைப்பதைச் சொல்ல cocer-ஐ விட்டுவிட்டு, சமைப்பதைக் குறிக்கும் cocinar-ஐ எடுத்துக்கொண்டார்கள். தைப்பதற்கு coser போதும், குழப்பம் தீர்ந்தது. எந்த அகாடமியும் உத்தரவு போடாமல் நடந்தது இது.

எழுதும்போது என்ன செய்வது? காதுக்குக் கேட்கும் ஒரு தடயத்தைத் தேட வேண்டும். ‘எனக்குத் தெரியும்’ என்ற பொருளில் conozco என்று சொல்லும்போது ‘க்’ ஒலி வெளியே வருகிறது. அப்படி ‘க்’ தலைகாட்டும் வினையின் மூலவடிவம் c-யில் எழுதப்படும்: conocer. பிறப்பதைக் குறிக்கும் nacer, வளர்வதைக் குறிக்கும் crecer இரண்டும் இதே இனம். ஆனால் நம் பாட்டியின் cocer இந்தச் சோதனைக்கு அகப்படாது. ‘நான் வேக வைக்கிறேன்’ என்பது cuezo. அதில் ‘ஸ’ ஒலிக்கு முன்போ பின்போ ‘க்’ இல்லை. அங்கே உறவுச் சொற்களைக் கேட்க வேண்டும். வேக வைத்தல் என்னும் பெயர்ச்சொல் cocción. ‘கோக்சியோன்’ என்று ‘க்’ அழுத்தமாகக் கேட்கிறது, ஆகவே c. தையல் என்பது costura; அதில் ‘க்’ கிடையாது, ஆகவே s. மெக்சிகோச் சிறுவன் இந்த இரண்டு சொற்களையும் நினைத்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாட்டி அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள்.

விகுதிகளும் உதவும். ‘அழகான’ என்ற சொல்லிலிருந்து ‘அழகு’ என்ற பண்புப்பெயர் பிறக்கும்போது belleza என z வரும். இளவரசி princesa, ஆங்கிலேயப் பெண் inglesa. பட்டத்திலும் ஊர்ப்பெயரிலும் s. சிறுமை காட்டும் விகுதியில் தாய்ச்சொல்லைப் பார்க்க வேண்டும்: casa-வின் குட்டி casita, கோப்பையாகிய taza-வின் குட்டி tacita. e, i ஆகிய உயிர்களுக்கு முன் z வராமல் c வரும் என்பது பொதுவிதி. ஆகவே ஒளியாகிய luz பன்மையில் luces ஆகிறது. ஆனால் மாதமாகிய mes பன்மையில் meses. முதலில் z என்று தெரிந்தவருக்கே இந்த விதி பயன்படும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, எழுத்தையே குறைத்துவிடலாமே என்ற குரலும் பழையது. வெனிசுவேலாவில் பிறந்த அறிஞர் ஆந்திரேஸ் பெல்யோ, லண்டனில் இருந்தபடி 1823-ல் ஒரு சீர்திருத்தத் திட்டத்தை வெளியிட்டார். இருபதாண்டுக்குப் பின், 1843-ல், அர்ஜென்டினாவின் சார்மியெந்தோ சிலிப் பல்கலைக்கழகத்தில் இன்னும் துணிந்து பேசினார். அமெரிக்கர்கள் ஒலிப்பதுபோல் எழுதட்டும். V வேண்டாம், z வேண்டாம் என்றார். பல்கலைக்கழகம் அவ்வளவு தூரம் போகவில்லை. வேறு சில எழுத்துகளில் மிதமான மாற்றத்தை 1844-ல் ஏற்றது. அதன் ஒரு பகுதி சிலியில் 1927 வரை புழக்கத்தில் இருந்தது. அவ்வாண்டு அரசு அகாடமியின் முறைக்குத் திரும்பியது. ஸ்பெயினிலும் பள்ளி ஆசிரியர்கள் சிலர் தங்கள் எளிய முறையைப் பரப்பத் தொடங்கியபோது, 1844-ல் அரசி இரண்டாம் இசபெல்லின் ஆணை வந்து அகாடமியின் முறையைப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது. 1997-ல் மெக்சிகோவின் ஸகதேகாஸ் நகரில் நடந்த ஸ்பானிய மொழி மாநாட்டில் கார்சியா மார்க்கேஸ் எழுத்து விதிகளுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். B, v இரண்டில் ஒன்று மிகை என்பதையும் அவர் விடவில்லை. பெரிய சர்ச்சை எழுந்தது. எழுத்து மாறவில்லை.

மாறாததற்கு உறுதியான காரணம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். z-ஐ எடுத்தால் மாட்ரிட் தன் நாக்கில் இருக்கும் வேறுபாட்டை எழுத்தில் இழக்கும். ll-ஐ எடுத்தால் லா பாஸ் இழக்கும். புவனோஸ் ஐரஸ் ஒலிப்பதுபோல் எழுதினால் மெக்சிகோவுக்குப் புரியாது. எந்த ஊர்க் காதுக்கும் முழுதாகப் பொருந்தாத ஒரு எழுத்துமுறை இருப்பதால்தான், எல்லா ஊரிலும் ஒரே புத்தகத்தைப் படிக்க முடிகிறது. இந்தக் காரணம் செல்லாத ஒரே இடம் b, v. அங்கே ஏறக்குறைய யார் நாக்கிலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுப்போடுவது votar, தூக்கியெறிவது botar. அழகான என்பது bello, உடல் ரோமம் vello. கண் பழகிப்போன இந்தப் பிரிவை விட யாருக்கும் மனம் வருவதில்லை.

2010-ல் வந்த அகாடமிகளின் புதிய எழுத்திலக்கணமும் இந்த எழுத்துகள் எதிலும் கைவைக்கவில்லை. ll-ஐத் தனி எழுத்தாக எண்ணுவதை மட்டும் நிறுத்தியது. V-க்கு எல்லா நாட்டிலும் ‘ஊபே’ என்ற ஒரே பெயரைச் சிபாரிசு செய்தது. ஒலி ஒன்றாக இருப்பதால் அமெரிக்க நாடுகளில் இரண்டையும் ‘பே’ என்றே அழைத்து, நீள பே, குட்டை பே என்று அடைமொழி சேர்ப்பார்கள். மெக்சிகோவில் கழுதையின் பே, பசுவின் பே. தொலைபேசியில் பெயரைச் சொல்லும் ஒருவர் எந்த ‘பே’ என்று கேட்கப்படும்போது, இன்றும் அங்கே கழுதையோ பசுவோதான் பதிலாக வருகிறது.